தோசைக்கல்லுக்கு 35 வினாடி: விற்பனைப் பக்கக் காணொளிக்கு ஸ்கிரிப்ட் எழுதும் முறை

வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படத்தில் 25 செ.மீ. தோசைக்கல்லும் 30 செ.மீ. தோசைக்கல்லும் ஒன்றுபோலவே தெரியும். அளவு விற்பனைப் பக்கத்தின் விவரப் பகுதியில் எழுதப்பட்டிருக்கும். ஆனால் கைபேசியில் படங்களைத் தள்ளிப் பார்த்து வாங்குபவர்களில் பலர் அதுவரை இறங்கி வருவதில்லை. பெட்டியைத் திறந்த பிறகே கல் தங்கள் அடுப்புக்குப் பெரிது என்றோ, தனியாகத் தூக்க முடியாத கனம் என்றோ அறிந்து திருப்பி அனுப்புகிறார்கள். விற்பனைப் பக்கத்தில் இடம்பெறும் சிறு காணொளி முதலில் தீர்க்க வேண்டியது இந்தச் சிக்கலைத்தான். அழகாகப் படம்பிடிப்பதைவிட, எந்தக் காட்சி எந்தச் சந்தேகத்தைத் தீர்க்கிறது என்று முன்கூட்டியே எழுதிக்கொள்வது இதற்கு அதிகம் உதவும்.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஸ்கிரிப்டை முதல் வரி முதல் கடைசி வரி வரை எழுதிக் காட்டுகிறது. பொருள், இருபுறமும் காது வைத்த வார்ப்பிரும்பு தோசைக்கல். முன்பே எண்ணெய் பழக்கி விற்கப்படுவது. மிக்ஸி, மர முக்காலி, துணிப்பை என்று வேறு எதை விற்பவரும் இதே வரிசையைப் பின்பற்றலாம் என்றாலும், அளக்க வேண்டிய இடங்களும் காட்ட வேண்டிய செயலும் ஒவ்வொரு பொருளுக்கும் வேறுபடும்.

முதல் படி: பொருளை அளந்து ஒரு தாளில் எழுதுதல்

ஸ்கிரிப்ட் எழுத உட்காரும் முன் அளவு நாடாவும் சமையலறைத் தராசும் கையில் இருக்க வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த குறிப்புச் சீட்டிலிருந்து எண்களைப் படியெடுப்பது போதாது, ஏனென்றால் சீட்டில் உள்ள ‘30 செ.மீ.’ எங்கிருந்து எங்கு வரை அளந்தது என்று பெரும்பாலும் எழுதப்பட்டிருக்காது. தோசைக்கல்லுக்கு அகலம் என்று சொல்லத்தக்க அளவுகள் மூன்று இருக்கின்றன. விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை உள்ளது ஒன்று, காதுகளையும் சேர்த்து அளப்பது இன்னொன்று, உள்ளே மாவை விரிக்கக் கிடைக்கும் சமதளம் மற்றொன்று. நம் கல்லுக்கு இவை முறையே 30, 38, 27 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். தடிமன் நான்கரை மி.மீ., எடை 2.6 கிலோ.

வாங்குபவர் இந்த மூன்றையும் வெவ்வேறு காரணத்துக்காகக் கேட்கிறார். தோசை எவ்வளவு பெரிதாக வரும் என்று அறிய 27 தேவை. அடுப்பில் பக்கத்துப் பாத்திரத்தோடு இடிக்குமா என்று அறிய 30 தேவை. அலமாரித் தட்டிலோ சிங்க்கிலோ அடங்குமா என்று அறிய 38 தேவை. இவற்றில் ஒன்றை மட்டும் ‘அளவு’ என்று சொல்லிவிட்டால் மற்ற இரு கேள்விகளுக்கும் தவறான விடை போய்ச் சேரும்.

வார்ப்பிரும்பு மணல் அச்சில் ஊற்றி எடுக்கப்படுவதால் ஒரே அளவில் வந்த கற்களும் எடையில் சிறிது வேறுபடும். ஆகவே கையிருப்பில் உள்ள நாலைந்து கற்களையாவது தனித்தனியே நிறுத்துப் பார்த்து, வேறுபாடு கண்ணில் படும் அளவு இருந்தால் திரையில் ‘சுமார்’ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். தாளில் எழுதிய எண்களும் பக்கத்தின் விவரப் பகுதியில் உள்ள எண்களும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதையும் இப்போதே சரிபார்த்துவிட வேண்டும். காணொளியில் 2.6 என்றும் எழுத்தில் 2.4 என்றும் இருந்தால், அந்த ஒரு முரண்பாடு மற்ற எல்லா எண்களின் மீதும் ஐயத்தைக் கிளப்பும். விளம்பரம் பொருளின் உண்மையான தன்மையோடு பொருந்த வேண்டும் என்பதை இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளும் விற்பனையாளரின் கடமையாக வைத்திருக்கின்றன.

அலகைப் பொறுத்தவரை செ.மீ., கிலோ ஆகியவற்றையே திரையில் எழுதுங்கள். பாத்திரக்கடையில் இஞ்சுக் கணக்கில் பேசுவது வழக்கம்தான். ஆனால் கடைப்பேச்சில் ‘பன்னிரண்டு இஞ்சு’ என்பது சில இடங்களில் காதைச் சேர்த்தும் சில இடங்களில் சேர்க்காமலும் சொல்லப்படுகிறது. தவிர, 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் மெட்ரிக் அலகுகளையே நிலையான அலகுகளாகக் கொள்கிறது.

இரண்டாம் படி: கேள்விகளைத் திரட்டி, சிலவற்றை விலக்குதல்

அடுத்த தாளில், வாங்கியவர்களும் வாங்கத் தயங்கியவர்களும் கேட்ட கேள்விகளை அவர்களின் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்துக் கேள்விப் பகுதி, ஒரு நட்சத்திரமும் இரண்டு நட்சத்திரமும் இட்ட மதிப்புரைகள், திருப்பி அனுப்பியவர்கள் குறிப்பிட்ட காரணங்கள் ஆகிய மூன்றும் இதற்குச் சிறந்த மூலங்கள். பொருள் புதிதென்றால் இதே வகைப் பொருளை விற்கும் மற்றவர்களின் பக்கங்களில் உள்ள மதிப்புரைகளைப் படிக்கலாம். ஐந்து நட்சத்திர மதிப்புரைகள் இந்த வேலைக்கு அவ்வளவாக உதவுவதில்லை, ஏனென்றால் அவற்றில் ‘அருமை’ என்பதைத் தாண்டிச் செய்தி குறைவு.

தோசைக்கல்லுக்கு வரும் கேள்விகள் ஏறத்தாழ இவை: எவ்வளவு பெரிது, எவ்வளவு கனம், இரட்டை அடுப்பில் பக்கத்தில் பாத்திரம் வைக்க இடம் இருக்குமா, முதல் தோசையே ஒட்டாமல் வருமா, துருப் பிடிக்குமா, எப்படிக் கழுவுவது, காது சுடுமா, இண்டக்‌ஷனில் வேலை செய்யுமா, சப்பாத்திக்கும் ஆகுமா, எந்த ஊரில் செய்தது.

இத்தனைக்கும் 35 வினாடியில் விடை சொல்ல முயன்றால் எதுவும் மனத்தில் தங்காது. எதை விலக்குவது என்பதற்கு நான் பின்பற்றும் அளவுகோல் எளியது. கண்ணால் பார்த்து உறுதிசெய்யக் கூடியவற்றைக் காணொளிக்கு எடுத்துக்கொண்டு, நிபந்தனை சேர்த்துச் சொல்ல வேண்டியவற்றை எழுத்துக்கு விட்டுவிடுவேன். இண்டக்‌ஷன் கேள்வி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வார்ப்பிரும்பு காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகம் ஆகையால் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறும். ஆனால் அடுப்பின் சுருள் கல்லைவிடச் சிறிதாக இருந்தால் நடுப்பகுதி மட்டும் கொதிக்க, ஓரம் பின்தங்கும். ‘இண்டக்‌ஷனுக்கு ஏற்றது’ என்று திரையில் இரண்டு சொல் போட்டால் இதில் பாதி உண்மையே போய்ச் சேரும். மீதிப் பாதியைச் சொல்ல எழுத்தில்தான் இடம் உண்டு.

சப்பாத்தியும் ஊரும் அதே காரணத்தால் எழுத்துக்குப் போகின்றன. எஞ்சியவற்றில் அளவு, கனம், அடுப்பில் இடம் ஆகிய மூன்றும் ஒரு தொகுதி. தோசை வார்ப்பது இரண்டாவது தொகுதி. காது சுடுதல், கழுவுதல், துரு ஆகியவை மூன்றாவது. ஸ்கிரிப்டின் அமைப்பு இப்போதே கிடைத்துவிட்டது.

மூன்றாம் படி: அளவைக் காட்டும் காட்சிகளை எழுதுதல்

இந்தப் பகுதிக்கே அதிக நேரம் செலவிட வேண்டும். அளவை எண்ணாகச் சொல்வது ஒரு வேலை, அந்த எண்ணைப் பார்ப்பவரின் சமையலறைக்குள் கொண்டுபோய் வைப்பது இன்னொரு வேலை. முதலாவதற்கு அளவு நாடா போதும். இரண்டாவதற்குப் பார்ப்பவர் ஏற்கெனவே அளவறிந்த ஒரு பொருள் தேவை.

நாடாக் காட்சியை எழுதும்போது ‘நாடா வைத்து அளக்கும் காட்சி’ என்று மட்டும் எழுதினால் படம்பிடிப்பவர் தம் விருப்பப்படி எடுப்பார், பிறகு எண்ணைப் படிக்க முடியாமல் போகும். காட்சிக் குறிப்பில் நான்கு செய்திகள் இருக்க வேண்டும். கேமரா கல்லின் நடுவுக்கு நேர் மேலே இருக்க வேண்டும், ஏனென்றால் சாய்வாகப் பார்த்தால் நாடாவின் கோடும் கல்லின் விளிம்பும் ஒன்றையொன்று விட்டு விலகித் தெரியும். நாடாவின் பூஜ்யம் இடது விளிம்பில் பொருந்தியிருப்பது படச்சட்டத்துக்குள் தெரிய வேண்டும். நாடா கல்லின் நடுப்புள்ளி வழியே போக வேண்டும், இல்லையென்றால் அளவு குறைவாக வரும். செ.மீ. உள்ள பக்கம் பார்ப்பவரின் பக்கம் இருக்க வேண்டும்.

அளவறிந்த பொருளைத் தேர்ந்தெடுப்பதில் எச்சரிக்கை வேண்டும். கையை அருகில் வைத்துக் காட்டுவது எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் கை ஆளுக்கு ஆள் வேறுபடும், சிறிய கைகளை உடையவர் பிடித்தால் எந்தப் பொருளும் பெரிதாகத் தெரியும். அளவில் மாறாத பொருள்கள் இதைவிட நம்பகமானவை. ஏ4 தாளின் நீளம் 29.7 செ.மீ., நம் கல்லின் அகலத்துக்கு அது ஏறக்குறைய சமம் என்பதால் கல்லின் பக்கத்தில் ஒரு தாளை நெடுக்காக வைத்தாலே அளவு விளங்கிவிடும். சிறிய பொருள்களுக்கு, 27 மி.மீ. குறுக்களவுள்ள 10 ரூபாய் நாணயம் பயன்படும்.

இருந்தாலும் தோசைக்கல்லுக்குத் தாளைவிட அடுப்பே சிறந்த ஒப்பீடு என்பது என் கருத்து, ஏனென்றால் வாங்குபவரின் கேள்வியே அடுப்பைப் பற்றியதுதான். இரட்டை அடுப்பின் ஒரு பர்னரில் கல்லும் மறு பர்னரில் ஒரு குழம்புச் சட்டியும் இருக்கும் காட்சி, எந்த எண்ணும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறது. இங்கே ஒரு கணக்கு உண்டு. கல்லின் ஆரம் 15 செ.மீ., 20 செ.மீ. அகலமுள்ள சட்டியின் ஆரம் 10 செ.மீ., இரண்டும் உரசாமல் நிற்க வேண்டுமானால் பர்னர்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 25 செ.மீ.க்கு மேல் தூரம் இருக்க வேண்டும். காதுகள் பக்கவாட்டில் இருந்தால் மேலும் நான்கு செ.மீ. தேவைப்படும் என்பதால், அவை முன்னும் பின்னுமாக இருக்கும்படி கல்லைத் திருப்பி வைத்துக் காட்ட வேண்டும். வாங்குபவருக்கு இது பயன்பாட்டு யோசனையாகவும் அமைகிறது. உங்கள் அடுப்பு வழக்கத்தைவிட அகலமானது என்றால் பர்னர்களின் இடைவெளியைத் திரையில் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் சிறிய அடுப்பு வைத்திருப்பவர் ஏமாந்துபோவார்.

ஒப்பீட்டுப் பொருளும் விற்கும் பொருளும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும் என்பதைக் காட்சிக் குறிப்பில் எழுதியே தீர வேண்டும். கேமராவுக்கு அருகில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் பதிவாகும். கைபேசியை மிக அருகில் கொண்டுபோய் எடுக்கும்போதும், அகலக்கோண லென்ஸில் எடுக்கும்போதும் இந்த வேறுபாடு கூடும். அதனால் ‘ஒரு மீட்டர் தள்ளி நின்று, சற்று ஜூம் செய்து எடுக்கவும்’ என்று குறிப்பெழுதுவது நல்லது. வேண்டுமென்றே கல்லைக் கேமராவுக்கு அருகில் நீட்டிப் பெரிதாகக் காட்டுபவர்களும் உண்டு. அப்படி வாங்கியவரின் ஏமாற்றம் மதிப்புரையாகத் திரும்பி வரும்.

கனத்தைக் காட்ட இரண்டு வழிகள் உள்ளன: தராசில் வைத்து எண்ணைக் காட்டலாம், அல்லது தூக்கும் கைகளைக் காட்டலாம். எண் மட்டும் இருந்தால் 2.6 கிலோ என்பது எவ்வளவு என்று உடனே மனத்தில் எழாது. கை மட்டும் இருந்தால் எண் கிடைக்காது. தூக்குவதைக் காணொளியின் முதல் காட்சியாகவும் தராசைப் பின்னொரு காட்சியாகவும் பிரித்து எழுதினால் இரண்டும் கிடைக்கும்.

நான்காம் படி: பயன்பாட்டை ஒரு செயலாக எழுதுதல்

பயன்பாட்டுப் பகுதியில் தோசை, ஊத்தப்பம், சப்பாத்தி, அடை என்று நான்கையும் ஒவ்வொரு வினாடி காட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். அதற்குப் பதில் ஒரே தோசையை முழுமையாகக் காட்டுவது மேல். ‘முதல் தோசையே ஒட்டாமல் வருமா’ என்ற கேள்விக்கு நான்கு துண்டுக் காட்சிகள் விடை தருவதில்லை.

தோசை வேக ஒன்றிரண்டு நிமிடம் ஆகும், நமக்கோ எட்டொன்பது வினாடிதான் இருக்கிறது. எங்கே வெட்டுவது என்பது இங்கே நம்பிக்கையைத் தீர்மானிக்கும். மாவை ஊற்றி விரிப்பது ஒரு காட்சி. வேகும் இடைவேளையை வேகமாக ஓட்டி இரண்டு வினாடியில் முடித்து, ‘வேகம் கூட்டப்பட்டது’ என்று மூலையில் எழுதிவிடலாம். ஆனால் தோசைத்திருப்பி ஓரத்தில் நுழைவது முதல் தோசை முழுதாக மேலே வரும் வரை வெட்டு எதுவும் இருக்கக் கூடாது. அந்த இடத்தில் ஒரு வெட்டு இருந்தால், இடையில் எத்தனை தோசை கிழிந்ததோ என்று பார்ப்பவர் நினைப்பார். ஸ்கிரிப்டில் அந்த வரிக்கு எதிரே ‘வெட்டு இல்லை’ என்று தனியாக எழுதுங்கள். தொகுப்பவர் வேறொருவராக இருந்தால் அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

கல் போதிய சூடேறாமல் மாவை ஊற்றினால் எவ்வளவு நன்றாகப் பழக்கிய கல்லிலும் தோசை ஒட்டும். வார்ப்பிரும்பு அலுமினியத்தைப் போல வேகமாக வெப்பத்தைப் பரப்புவதில்லை. மிதமான தீயில் சில நிமிடம் விட்டால்தான் ஓரம் வரை சூடு பரவும். ஆகவே, படப்பிடிப்புக்கான குறிப்பில் ‘மிதமான தீயில் முன்சூடு, தண்ணீர் தெளித்துச் சோதித்த பிறகு மாவு’ என்று எழுதுவதோடு, திரையிலும் ‘மிதமான தீயில் நன்கு சூடாக்கிய பின்’ என்ற சொற்களைச் சேர்க்க வேண்டும். அந்த நிபந்தனை இல்லாமல் ‘ஒட்டாது’ என்று மட்டும் வாக்களித்தால், வாங்கியவர் வீட்டில் ஒட்டும் முதல் தோசைக்குக் காணொளிதான் பொறுப்பாகும்.

ஐந்தாம் படி: சிறப்பம்சங்களைப் பெயரடையிலிருந்து செயலுக்கு மாற்றுதல்

‘உறுதியானது’, ‘தரமானது’, ‘பாரம்பரியமானது’ போன்ற சொற்களைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைக் கண்ணால் காட்டும் செயல் ஒன்றை எழுத முயலுங்கள். ‘உறுதியானது’ என்பதற்கு எதிரே கல்லின் ஓரத்தைப் பக்கவாட்டில் திருப்பி நான்கரை மி.மீ. தடிமனைக் காட்டுவது என்று எழுதலாம். ‘தரமானது’ என்பதற்கு எதிரே எழுத எதுவும் இல்லையென்றால் அந்தச் சொல்லை அடித்துவிட வேண்டும்.

பொருளின் குறைபாடு அல்லது கவனிப்புத் தேவை ஒன்றையும் இந்தப் பகுதியில் சேர்ப்பது அவசியம். வார்ப்பிரும்பில் காதும் கல்லோடு சேர்ந்தே வார்க்கப்படுவதால் அதுவும் சுடும். ஈரத்தோடு வைத்தால் துருப் பிடிக்கும். இவற்றை மறைத்தால் விற்பனை கூடலாம், ஆனால் அந்த விற்பனையில் ஒரு பகுதி துருப்பிடித்த படத்தோடு திரும்பி வரும். துணியோடு காதைப் பிடிக்கும் ஒரு காட்சியும், கழுவித் துடைத்து எண்ணெய் தடவும் ஒரு காட்சியும் சேர்ந்து பத்து வினாடிக்குள் இதைச் சொல்லிவிடும்.

விலை, தள்ளுபடி, கடையின் தொலைபேசி எண், ‘இன்றே வாங்குங்கள்’ போன்றவற்றை ஸ்கிரிப்டில் எழுத வேண்டாம். விலையும் தொடர்பு எண்ணும் உள்ள காணொளிகளைப் பெரிய விற்பனைத் தளங்கள் பலவும் ஏற்பதில்லை. ஏற்றுக்கொண்டாலும் விலை மாறும் ஒவ்வொரு முறையும் காணொளியை மாற்ற வேண்டியிருக்கும். நீளம், ஒலி, படச்சட்டத்தின் வடிவம் பற்றிய விதிகள் தளத்துக்குத் தளம் வேறுபடுவதால், ஸ்கிரிப்டின் முதல் வரியை எழுதும் முன் உங்கள் தளத்தின் உதவிப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். 15 வினாடிதான் அனுமதி என்றால் கீழே வரும் ஸ்கிரிப்டில் முதல், இரண்டாம், ஐந்தாம் காட்சிகளை மட்டும் சுருக்கி வைத்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: ஸ்கிரிப்டை எழுதுதல்

ஒவ்வொரு காட்சிக்கும் நேரம், படம், திரை எழுத்து, குரல் என்று நான்கு பகுதிகள் வைத்து எழுதுங்கள். இந்த வரிசையிலேயே எழுத வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். குரலை முதலில் எழுதினால் படம் அதற்கு அலங்காரமாகிவிடும். பலரும் பேருந்திலும் அலுவலகத்திலும் ஒலியை அடைத்துவிட்டே பார்க்கிறார்கள் என்பதால், குரல் இல்லாமலே செய்தி முழுமை பெற வேண்டும்.

நம் கல்லுக்கான ஸ்கிரிப்ட் இது.

காட்சி 1 (0–4 வினாடி). படம்: இரண்டு கைகள் கல்லைக் காதுகளில் பிடித்து இறக்கி இரட்டை அடுப்பின் இடது பர்னரில் வைக்கின்றன, கல்லும் அடுப்பும் முழுதாகச் சட்டத்துக்குள். திரை எழுத்து: வார்ப்பிரும்பு தோசைக்கல், 30 செ.மீ. குரல்: இல்லை, கல் அடுப்பில் அமரும் ஓசை மட்டும்.

காட்சி 2 (4–10 வினாடி). படம்: மேசையில் கல், நேர் மேலிருந்து, நாடா நடு வழியே, முதலில் விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை, பிறகு ஒரு காதின் நுனியிலிருந்து மறு காதின் நுனி வரை அளக்கிறது. திரை எழுத்து: விளிம்பு வரை 30 செ.மீ.; பின் காதுகளோடு 38 செ.மீ. குரல்: ‘அகலம் 30 சென்டிமீட்டர். காதுகளைச் சேர்த்து 38.’

காட்சி 3 (10–14 வினாடி). படம்: அடுப்பில் கல், காதுகள் முன்னும் பின்னுமாக, ஒரு கை பக்கத்துப் பர்னரில் சட்டியை வைக்கிறது, இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி தெரிகிறது. திரை எழுத்து: பக்கத்தில் 20 செ.மீ. சட்டி. குரல்: ‘பக்கத்து அடுப்பில் குழம்பும் வைக்கலாம்.’

காட்சி 4 (14–17 வினாடி). படம்: தராசின் மேல் கல்; எண் தெளிவாக. திரை எழுத்து: எடை சுமார் 2.6 கிலோ. குரல்: ‘தூக்க இரண்டு கையும் தேவை.’

காட்சி 5 (17–26 வினாடி). படம்: மாவு ஊற்றி விரித்தல், 3 வினாடி; வேகுதல், வேகம் கூட்டி 2 வினாடி; தோசையைக் கிளப்பி எடுத்தல், 4 வினாடி, வெட்டு இல்லை. திரை எழுத்து: 27 செ.மீ. சமதளம், பின் ‘மிதமான தீயில் நன்கு சூடாக்கிய பின்’. குரல்: ‘முன்பே எண்ணெய் பழக்கிய கல். மிதமான தீயில் நன்றாகச் சூடாக்கி மாவை ஊற்றுங்கள்.’ கிளப்பும்போது குரல் இல்லை.

காட்சி 6 (26–30 வினாடி). படம்: துணியோடு காதைப் பிடித்து அடுப்பிலிருந்து இறக்குதல், ஓரத்தின் தடிமன் தெரியும்படி சற்றுச் சாய்த்தல். திரை எழுத்து: காதும் சுடும், துணி தேவை. குரல்: ‘காதும் சூடாகும். துணியால் பிடியுங்கள்.’

காட்சி 7 (30–35 வினாடி). படம்: ஆறிய கல்லைக் கழுவுதல், உடனே துடைத்தல், எண்ணெய்த் துணியால் ஒரு பூச்சு. திரை எழுத்து: ஊறவைக்க வேண்டாம். குரல்: ‘கழுவியதும் துடைத்து, எண்ணெய் தடவி வையுங்கள்.’

குரலுக்கான சொற்கள் எவ்வளவு குறைவு என்பதைக் கவனியுங்கள். விகுதிகள் சேர்ந்து நீளும் தமிழ்ச் சொற்களை நிதானமாக வாசித்தால் வினாடிக்கு இரண்டு சொல் என்று கணக்கு வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. எண்களைக் கணக்கிடும்போது அவை ஒலிக்கும் நீளத்தைப் பார்க்க வேண்டும்: ‘38’ தாளில் இரண்டு இலக்கம், வாயிலோ ‘முப்பத்தெட்டு’. திரை எழுத்தை ஒருவர் மெதுவாக இருமுறை படிக்கும் நேரம் அது நிலைத்திருக்க வேண்டும். சட்டத்தின் கீழ் ஓரத்திலும் மூலைகளிலும் தளத்தின் பொத்தான்கள் மறைக்கும் என்பதால் எழுத்தை நடுவுக்கு அருகில் அமைக்குமாறு குறிப்பெழுதுங்கள்.

ஏழாம் படி: படம்பிடிக்கும் முன் சோதித்தல்

கைபேசிக் கடிகாரத்தை ஓடவிட்டு ஸ்கிரிப்டைக் குரல்விட்டு வாசியுங்கள். மனத்துக்குள் வாசிப்பது எப்போதும் வேகமாகவே இருக்கும், ஆகவே அந்தக் கணக்கை நம்ப வேண்டாம். ஒரு காட்சியில் குரல் நேரத்தை மீறினால் வேகமாகப் பேசித் தீர்க்காமல் சொல்லைக் குறையுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு காட்சியையும் கைபேசியில் தோராயமாக எடுத்து ஒட்டி, பொருளைப் பார்த்திராத ஒருவருக்கு ஒலி இல்லாமல் காட்டுங்கள். காட்டி முடித்ததும், கல் எவ்வளவு அகலம் என்று இரு கைகளையும் விரித்துக் காட்டச் சொல்லி, அந்த இடைவெளியை நாடாவால் அளந்து பாருங்கள். ஓரிரு செ.மீ. வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம். ஐந்து செ.மீ.க்கு மேல் பிழைத்தால் அளவுக் காட்சிகள் வேலை செய்யவில்லை என்று பொருள். அப்போது பெரும்பாலும் மாற்ற வேண்டியது மூன்றாம் காட்சியாக இருக்கும்: சட்டி கேமராவுக்கு அருகிலோ தள்ளியோ இருந்திருக்கும், அல்லது பார்த்தவருக்கு அந்தச் சட்டியின் அளவு தெரிந்திருக்காது. எடையைக் கேட்டால் எண் நினைவில்லாவிட்டாலும் ‘ஒரு கையால் தூக்க முடியாது’ என்ற விடை வந்தால் போதும்.

எட்டாம் படி: எடுக்கும் வரிசையைத் தனியாக எழுதுதல்

ஸ்கிரிப்டின் வரிசையிலேயே படம்பிடித்தால் இந்தப் பொருளில் ஒரு சிக்கல் வரும். தோசை வார்த்த கல் எண்ணெய் ஏறிக் கறுத்து மினுங்கும், புதுக் கல்லோ மங்கலாக இருக்கும். முதல் காட்சியை மறுபடி எடுக்க நேர்ந்து அது தோசைக்குப் பிறகு எடுக்கப்பட்டால், பார்ப்பவர் மினுங்கும் கல்லைப் புதுக் கல் என்று நினைத்துக்கொள்வார், பெட்டியில் வரும் மங்கலான கல்லைப் பழையது என்று ஐயப்படுவார். ஆகவே எடுக்கும் வரிசை 2, 4, 1, 3, 5, 6, 7 என்று அமைய வேண்டும். முதல் நான்கும் கழுவாத, சூடேற்றாத கல்லில் எடுக்கப்பட்டு, இரண்டிரண்டு முறை பதிவாகி, திருப்தியான பிறகே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். தோசைக் காட்சிக்குக் கூடுதலாக இன்னொரு புதுக் கல்லைத் தயாராக வைத்திருப்பதும் உதவும், ஏனென்றால் ‘முதல் தோசை’ என்பதை ஒரு கல்லில் ஒரு முறைதான் எடுக்க முடியும்.

ஒரே பக்கத்தில் 25 செ.மீ. கல்லும் விற்கப்படுகிறது என்றால், எண்களை மட்டும் மாற்றி அதே காணொளியைப் பயன்படுத்தக் கூடாது. அதற்கென்று 1, 2, 3, 4 ஆகிய காட்சிகளைச் சிறிய கல்லில் மீண்டும் எடுக்க வேண்டும். மாவை விரிப்பதிலும் சமதளம் வேறுபடுவதால் ஐந்தாம் காட்சியையும் எடுப்பது நல்லது. ஆறும் ஏழும் கவனிப்பைப் பற்றியவை என்றாலும் அவற்றிலும் கல் முழுதாகத் தெரியுமானால் மாற்றியாக வேண்டும். அளவுக்கேற்பக் காணொளி மாறும் வசதி தளத்தில் இல்லாவிட்டால், இரண்டாம் காட்சியை ‘இரண்டு கற்களும் அருகருகே, ஒரே சட்டத்தில், ஒரே உயரத்திலிருந்து’ என்று திருத்தி, ஒவ்வொன்றின் மேலும் அதனதன் அகலத்தை எழுதி, மற்ற காட்சிகளின் மூலையில் ‘காட்சியில் உள்ளது 30 செ.மீ. கல்’ என்ற வரியைக் கடைசி வினாடி வரை வைத்திருங்கள்.